டூம், ஸ்டோனர் ராக்கின் கனம் எங்கிருந்து வருகிறது: டெம்போ, டியூனிங், ஃபஸ் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. டூம் என்று இன்று சொல்கிற இசை முழுவதும் அதன் முதல் பாட்டிலிருந்து கிளைத்தது என்றே சொல்லலாம். இவ்வளவு கனமாகக் கேட்கும் அந்தப் பாட்டில் டோனி ஐயோமியின் கிட்டார் வழக்கமான டியூனிங்கில்தான் இருக்கிறது. ஒரு கம்பியைக்கூட அவர் இறக்கவில்லை. ரிஃப்பில் இருப்பதும் மூன்றே சுரங்கள்: ஒரு ஜி, மேல் ஸ்தாயியில் அதே ஜி, பிறகு சி ஷார்ப். அவை அவ்வளவு மெதுவாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவ்வளவு இடம் விட்டு வருவதால்தான் கேட்பவரின் நெஞ்சு இறுகுகிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இசையை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடல் வாங்கி, கம்பிகளைத் தளர்த்தி, ஆம்பில் பேஸைக் கூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வருவது கனம் இல்லை, வெறும் களேபரம். மெதுவான டெம்போ, தாழ்ந்த டியூனிங், ஃபஸ் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று உண்டாக்கும் பள்ளத்தை இன்னொன்று நிரப்புகிறது. எந்தப் பள்ளத்தை எது நிரப்புகிறது என்று புரிந்துவிட்டால், எந்த நாபை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் உள்ள மூவர் குழுவை வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். பவர் கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் படி: டெம்போவை இறக்குங்கள், ஆனால் தாளத்தை விடாதீர்கள்

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில், அதாவது 60 பிபிஎம்-இல் வையுங்கள். நான்கு அடி கொண்ட ஒரு பார் இப்போது நான்கு விநாடி எடுக்கும். சாதாரண ராக் பாட்டு 120-ஐ ஒட்டி ஓடும். அதில் ஒரு பாருக்கு இரண்டு விநாடிதான். கணக்கில் இது வெறும் இரண்டு மடங்கு. காதுக்கோ வேறு விஷயமாகப் படுகிறது. 120-இல் அடுத்த அடி எப்போது வரும் என்று யாரும் யோசிப்பதில்லை, உடல் தானாகவே அதோடு போகிறது. 60-இல் ஒவ்வொரு அடிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருந்த பிறகு விழுகிற அடி பெரிதாகத் தெரியும்.

மெதுவாக வாசிப்பதற்கு ஒலியியல் சார்ந்த இன்னொரு காரணமும் உண்டு. தாழ்ந்த சுரம் காதில் பதிய நேரம் பிடிக்கும். சி-க்கு இறக்கிய பேஸின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 33 தடவை அதிர்கிறது. 160 பிபிஎம்-இல் ஓடும் பாட்டில் ஒரு அடியை நான்காக வெட்டி வாசித்தால், ஒவ்வொரு துண்டுக்கும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கிடைக்கும். அதற்குள் அந்தக் கம்பி மூன்று முறைதான் அதிர்ந்திருக்கும். சுரம் என்னவென்று காது பிடிப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது; பிக் படும் 'டக்' மட்டும் மிஞ்சுகிறது. 60 பிபிஎம்-இல் ஒரே ஒரு அடிக்குள் அதே கம்பி முப்பது தடவைக்கு மேல் அதிர்ந்துவிடும். அறையில் இருக்கிற கதவும் ஜன்னலும்கூட அதற்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கிறது.

கஷ்டம் என்னவென்றால், மெதுவாக வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். விளம்ப காலத்தில் காலப்பிரமாணம் ஓடாமல் பிடித்து வைப்பது எவ்வளவு சிரமம் என்று கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அதே பிரச்சினைதான். இரண்டு அடிகளுக்கு நடுவில் ஒரு முழு விநாடி காலியாக இருந்தால் மனது அவசரப்படும். டிரம்ஸ் வாசிப்பவர் அந்த இடத்தில் ஒரு உருட்டல் போடுவார், கிட்டார் வாசிப்பவர் அடுத்த கார்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்விடுவார். 60-இல் தொடங்கிய பாட்டு மூன்று நிமிடத்தில் 68-க்கு வந்து நிற்கும்.

இதற்கு வழி, அடியை உள்ளுக்குள் மூன்றாகப் பிரிப்பது. மெட்ரோனோமையும் ஒரு அடிக்கு மூன்று கிளிக் வரும்படி வையுங்கள். இரண்டாகப் பிரித்தாலும் தவறில்லை. ஆனால் மூன்றாகப் பிரித்தால் ப்ளூஸின் அசைவு வந்துவிடும், ஸ்டோனர் ராக்குக்கு அது அவசியம். பிளாக் சாபத் குழுவில் பில் வார்டின் டிரம்ஸ் மெதுவான இடங்களிலும் கட்டையாக நிற்காமல் ஆடுவதற்குக் காரணம், அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர் என்பது. மூன்று கிளிக்கோடு கைக்குப் பழகிய பிறகு நடுக் கிளிக்குகளை எடுத்துவிடுங்கள். அப்புறம் பாரின் முதல் அடிக்கு மட்டும் ஒரு கிளிக். அந்த ஒற்றைக் கிளிக்கோடு பிசகாமல் இரண்டு நிமிடம் வாசிக்க முடிந்தால் டெம்போ உங்கள் கைவசம் வந்துவிட்டது.

டிரம்ஸில் ஸ்னேரை மூன்றாவது அடியில் மட்டும் விழ வையுங்கள். வழக்கமான ராக்கில் அது இரண்டிலும் நான்கிலும் விழும். மூன்றில் மட்டும் விழுந்தால் நான்கு விநாடிக்கு ஒரு ஸ்னேர் என்றாகிவிடும். பாட்டு இன்னும் பாதி வேகத்தில் நகர்வது போலக் கேட்கும். ஹை-ஹேட்டுக்குப் பதில் கிராஷ் அல்லது ரைட் சிம்பலைத் திறந்து அடித்தால், அதன் நீண்ட இரைச்சல் இடைவெளிகளின் மேல் ஒரு கூரை போலப் படர்ந்துவிடும்.

இங்கேதான் முதல் பள்ளம் வருகிறது. மூன்று விநாடி நீடிக்க வேண்டிய ஒரு கார்டை ஃபஸ் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். முதல் விநாடியிலேயே சத்தம் சரியத் தொடங்கும், மூன்றாவது விநாடியில் பாட்டு ஓட்டையாகக் கேட்கும். அதை ஃபஸ் நிரப்பும். அதற்கு முன்னால் டியூனிங்கைப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது படி: சி-க்கு இறக்குவது

ஐயோமி பதினேழு வயதில் பர்மிங்காமில் ஒரு உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர். அதாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்த வேண்டிய கையிலேயே அடி. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறைகள் செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். தடித்த கம்பிகள் வலியைக் கொடுத்ததால் மெல்லிய கம்பிகளுக்குப் போனார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் சில பாட்டுகளில் கம்பிகளை மூன்று ஃபிரெட் அளவு இறக்கி சி ஷார்ப்புக்குக் கொண்டுபோனார். கம்பி தளர்ந்தால் அழுத்துவதும் வளைப்பதும் எளிது. கீஸர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது. விரல்களுக்காகத் தொடங்கிய வழி ஒரு முழு இசை வகைக்கே அடித்தளமாகிவிட்டது.

இருபது வருடம் கழித்து, கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட் பகுதியிலிருந்து வந்த கைஸ் குழுவும், சான் ஹோசேயிலிருந்து வந்த ஸ்லீப் குழுவும் இன்னும் ஒரு ஃபிரெட் இறங்கி சி-யில் நின்றன. நாமும் அங்கேயே நிற்போம். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஜி, சி. எல்லாக் கம்பிகளும் சமமாக நான்கு ஃபிரெட் இறங்குவதால் கைக்குப் பழகிய எந்த வடிவமும் மாறாது.

கம்பியை மாற்றாமல் வெறுமனே திருகியைத் தளர்த்தினால் என்ன ஆகும்? ஒரு கம்பியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வழக்கமான 10–46 செட்டின் தடித்த கம்பி, 25.5 அங்குல ஸ்கேல் உள்ள கிட்டாரில், ஈ சுரத்தில் ஏறத்தாழ 17.5 பவுண்டு இழுவையில் இருக்கும். அதையே சி-க்கு இறக்கினால் 11 பவுண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இப்படித் தளர்ந்த கம்பியைப் பிக்கால் அடித்தால் சுரம் முதலில் மேலே எகிறி, பிறகு தன் இடத்துக்கு இறங்கும். டியூனரைப் பார்த்துக்கொண்டே ஓங்கி அடித்தால் முள் வலது பக்கம் பாய்ந்து மெல்லத் திரும்புவது தெரியும். கம்பி ஃபிரெட்டிலும் தட்டும். மெதுவான பாட்டில் இதை மறைக்க முடியாது. ஒவ்வொரு கார்டின் தொடக்கமும் அபசுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே கம்பியைத் தடிப்பாக்க வேண்டும். 56 அளவுள்ள தடித்த கம்பி, சி-யில் 16.5 பவுண்டுக்கு வந்துவிடும். ஈ-யில் 46 எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அதே உணர்வு கைக்குக் கிடைக்கும். 12-இல் தொடங்கி 56 அல்லது 60-இல் முடிகிற செட் வாங்குங்கள். கிப்சன் வகை கிட்டாரில் ஸ்கேல் சற்றுக் குறைவு, 24.75 அங்குலம், அதற்கு 60 பொருந்தும். ஐயோமி மெல்லிய கம்பியில்தானே வாசித்தார் என்று கேட்கலாம். அவருக்குக் கை அதைக் கேட்டது, அதற்கேற்ற மென்மையான தொடுதலும் அவரிடம் இருந்தது. ஓங்கி அடிக்கிற கைக்குத் தடித்த கம்பிதான் சரி.

கம்பி மாற்றிய பிறகு இரண்டு இடங்களைப் பாருங்கள். நட்டில் உள்ள வெட்டு 46-க்காக வெட்டப்பட்டது. 56 அதில் முழுதாக உட்காராமல் மேலே மிதக்கலாம், அல்லது இறுகிக்கொண்டு டியூன் செய்யும்போது 'டிங்' என்று சத்தம் போடலாம். அப்படி வந்தால் வெட்டை அகலப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தக் கூடாது. கையில் சரியான அரம் இல்லையென்றால் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது. இன்னொன்று, பிரிட்ஜில் உள்ள சாடில். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அதே ஃபிரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னால் நகர்த்துங்கள். தடித்த கம்பிக்குப் பெரும்பாலும் இது தேவைப்படும்.

பேஸுக்கு ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது. ஐந்து கம்பி பேஸுக்கான செட் வாங்கி, மெல்லிய கம்பியை விட்டுவிட்டு, தடித்த நான்கையும் போடுங்கள். அவை பி, ஈ, ஏ, டி என்ற சுரங்களுக்குச் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றையும் ஒரு ஃபிரெட் ஏற்றினால் சி, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். நமக்கு வேண்டியதே அதுதான், கம்பியும் முறுக்காக இருக்கும்.

இன்னும் கீழே போகலாமா? போகலாம். ஆனால் ஒவ்வொரு ஃபிரெட் இறங்கும்போதும் சுரத்தின் தெளிவு கொஞ்சம் குறையும், கிட்டாரும் பேஸும் ஒரே இடத்துக்கு மோதத் தொடங்கும். சாதாரண ஸ்கேல் கிட்டாரில் ஏ-க்குக் கீழே போனால் ரிஃப்பின் வடிவமே மங்கிவிடும் என்பது என் கருத்து. சி-யில் கிட்டார் இன்னும் கிட்டாராகவே பேசுகிறது.

மூன்றாவது படி: ஃபஸ் உண்மையில் என்ன செய்கிறது

ஃபஸ் பெடல் கம்பியின் சிக்னலை மிகப் பெரிதாக்கி, ஒரு எல்லைக்கு மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் வெட்டிவிடுகிறது. வளைந்து ஏறி இறங்கும் அலை, தலை தட்டையான சதுர அலையை நெருங்குகிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன. மூன்றும் நமக்கு வேண்டியவை.

முதலாவது, நீட்சி. கம்பி அடங்கி வந்தாலும், அதன் சிக்னல் வெட்டப்படும் எல்லைக்கு மேலே இருக்கும்வரை வெளியே வரும் சத்தம் குறையாது. டெம்போவைக் குறைத்ததால் வந்த பள்ளம் இப்படி நிரம்புகிறது. மூன்று விநாடி கார்டு மூன்று விநாடியும் நிற்கும்.

இரண்டாவது, மேல் சுரங்கள். சதுரமாக வெட்டப்பட்ட அலையில் மூல அதிர்வெண்ணின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று புதிய அதிர்வுகள் வலுவாகத் தோன்றும். நம் தாழ்ந்த சி 65 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கு 196, அது ஜி. ஐந்து மடங்கு 327, அது ஈ. ஒரே ஒரு கம்பியை அடித்தாலும் ஒரு மேஜர் கார்டே உள்ளே ஒலிக்கிறது. இது ஏன் முக்கியம் என்றால், கிட்டார் ஆம்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர்கள் பொதுவாக 70, 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும். அதாவது நீங்கள் அடிக்கும் சி-யின் அடிச்சுரத்தை உங்கள் ஸ்பீக்கர் முழுதாகக் கொடுப்பதே இல்லை. ஆனால் 131, 196, 262, 327 என்ற மேல் சுரங்கள் வரிசையாகக் கேட்கும்போது, அவற்றுக்கு அடியில் 65 இருந்தாக வேண்டும் என்று மூளையே முடிவு செய்து அதைக் கேட்டுவிடுகிறது. தாழ்ந்த டியூனிங்கால் வந்த பள்ளத்தை ஃபஸ் நிரப்பும் விதம் இது. கிட்டாரின் கனம் அடியில் இல்லை, நடுவில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு சுரங்களைச் சேர்த்து ஃபஸ்ஸுக்குள் அனுப்பினால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வரும். பவர் கார்டில் சி 65, ஜி 98. இரண்டுக்கும் வித்தியாசம் 33. அது சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி! கிட்டாரில் இல்லாத, பேஸ் மட்டுமே தொடக்கூடிய சுரம் கார்டுக்குள் தானாகப் பிறக்கிறது. இதே இடத்தில் ஜி-க்குப் பதிலாக மேஜர் தேர்டான ஈ-யைச் சேர்த்துப் பாருங்கள். சி 65, ஈ 82, வித்தியாசம் 17. அது எந்தச் சுரத்தோடும் ஒட்டாத ஒரு உறுமல். தாழ்ந்த இடத்தில் ஃபஸ் போட்டு முழுக் கார்டு வாசித்தால் சேறாகக் கேட்பதன் காரணம் இதுதான். இந்த இசையில் ரிஃப்கள் ஒற்றைச் சுரங்களும் பவர் கார்டுகளுமாகவே இருப்பதும் இதனால்தான்.

இனி பெடல். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் பிக் மஃப் 1969-ஐ ஒட்டி வந்தது. இந்த இசையில் அதிகம் கேட்கும் ஒலி அதுவே. அதில் சிக்னல் அடுத்தடுத்து இரண்டு முறை வெட்டப்படுகிறது, அதனால் நீட்சி மிக அதிகம். அதற்கு முந்தைய ஃபஸ் ஃபேஸ் இரண்டே டிரான்சிஸ்டர் கொண்டது. கரடுமுரடு அதிகம், கிட்டாரின் வால்யூம் நாபைக் குறைத்தால் ஒலி நன்றாகத் தெளியும். ஃபஸ் ஃபேஸ் வகையைக் கிட்டாரிலிருந்து நேராக, முதல் பெடலாக வையுங்கள். முன்னால் பஃபர் உள்ள பெடல் வந்தால் அந்தத் தெளிவு போய்விடும்.

பிக் மஃபுக்கு ஒரு குறை உண்டு. அதன் டோன் சர்க்யூட் நாபை நடுவில் வைத்தால் நடு அதிர்வெண்களைப் பள்ளமாக்கிவிடும். தனியாக வாசிக்கும்போது பிரம்மாண்டமாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டாரைக் காணோம். கனம் நடுவில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, பெடல் அதையே வெட்டிவிடுகிறது. ஆகவே ஆம்பில் மிட் நாபை ஏழு எட்டுக்கு ஏற்றுங்கள், பேஸ் நாபை நான்குக்கு இறக்குங்கள். டிரெபிள் ஐந்துக்கு மேல் வேண்டாம். பெடலின் டோனை நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் வையுங்கள். சஸ்டெயின் நாபைப் பாதியில் தொடங்குங்கள். ஒரு கார்டு அடித்தால் மூன்று விநாடி விழாமல் நிற்க வேண்டும், அதுவரை ஏற்றினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் நீட்சி அதிகரிக்காது, இரைச்சல்தான் கூடும். பிக் கம்பியில் படும் அந்த முதல் தாக்கமும் மழுங்கிவிடும். ஆம்பை முடிந்தவரை சுத்தமான ஒலியில் வையுங்கள். ஃபஸ்ஸின் மேல் ஆம்பின் டிஸ்டார்ஷனும் ஏறினால் மேலே சொன்ன கூட்டல் கழித்தல்கள் இன்னொரு சுற்று நடந்து எல்லாம் குழம்பிவிடும்.

நான்காவது படி: அடியைப் பேஸிடம் கொடுங்கள்

33 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான இடம் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. கிட்டார் அங்கே நுழைந்தால் இருவரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள். பேஸ் அதே ரிஃப்பை ஒரு ஸ்தாயி கீழே, சுரம் சுரமாக ஒட்டி வாசிக்கட்டும். இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய கருவியாகக் கேட்பதுதான் இலக்கு. கைஸில் ஜோஷ் ஹோம் தன் கிட்டாரைப் பேஸ் கேபினெட்டுகள் வழியாக ஒலிக்கவிட்டதால், கிட்டாருக்கும் பேஸுக்கும் நடுவே உள்ள கோடு அழிந்து ஒரே சுவராகக் கேட்டது. அது மற்ற எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு செய்து பார்க்க வேண்டிய விஷயம். தொடக்கத்தில் கிட்டார் கேபினெட்டே போதும்.

பேஸுக்கும் ஃபஸ் போடலாம். ஆனால் பல ஃபஸ் பெடல்களில் அடிச்சுரம் மெலிந்துவிடும். பெடலை மிதித்ததும் பேஸின் சத்தம் கூடினாலும் தரையில் உணர்ந்த அதிர்வு காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். போனால், சுத்த சிக்னலையும் கலக்கும் பிளெண்ட் நாப் உள்ள பெடல் வேண்டும். சுத்தம் பாதிக்கு மேல், ஃபஸ் பாதிக்குக் கீழ் என்று தொடங்குங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதக் காது குறைந்த சத்தத்தில் தாழ்ந்த சுரங்களைச் சரியாகக் கேட்காது. சத்தம் ஏற ஏற அவை மற்றவற்றுக்குச் சமமாக மேலே வரும். வீட்டில் மெல்ல வாசிக்கும்போது பேஸ் போதவில்லை என்று தோன்றுவது இதனால்தான். அந்த நிலையில் நாபைத் திருகி வைத்துவிட்டு ஒத்திகை அறைக்குப் போனால் அங்கே அறையே குமுறும். நாப்களை எப்போதும் முழுக் குழுவோடு, வாசிக்கப் போகும் சத்தத்தில் வையுங்கள். காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். காதில் ரீங்காரத்தோடு வீட்டுக்குப் போவது காது சேதமாவதன் அறிகுறி.

ஐந்தாவது படி: ஒரு ரிஃப்பைக் கட்டுவோம்

சி டியூனிங்கில், 60 பிபிஎம்-இல், இரண்டு பார் ரிஃப் இது. மேல் வரி ஐந்தாவது கம்பி, கீழ் வரி ஆறாவது கம்பி. அடியில் இருப்பவை அடி எண்கள்.

```
5 |-2-----------5---|-8-------7-------|
6 |-0-----------3---|-6-------5-------|
    1   2   3   4     1   2   3   4
```

திறந்த கம்பியின் சி மூன்று விநாடி நிற்கிறது. நான்காவது அடியில் ஈ ஃபிளாட். அடுத்த பாரில் ஆறாவது ஃபிரெட், அது ஜி ஃபிளாட், பிறகு எஃப். சி-யிலிருந்து ஜி ஃபிளாட் ஆறு ஃபிரெட் தூரம். பிளாக் சாபத் குழுவின் அந்த முதல் பாட்டில் ஜி-க்கும் சி ஷார்ப்புக்கும் இருக்கும் அதே இடைவெளி. சி-யை நீண்ட நேரம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் சுரம் எங்கும் உட்கார முடியாமல் தவிக்கும். எஃப் அதைப் பாதி ஆற்றும். சி திரும்ப வரும்போதுதான் முழுதாக ஆறும், அதற்கு எட்டு விநாடி ஆகிறது.

முதலில் ஃபஸ் இல்லாமல், சுத்தமான ஒலியில் வாசியுங்கள். ரிஃப் அப்போதே நன்றாக இல்லையென்றால் ஃபஸ் அதைக் காப்பாற்றாது. பிறகு கார்டு மாறும் இடங்களைக் கவனியுங்கள். திறந்த கம்பி தொடர்ந்து ஒலித்து அடுத்த கார்டின் மேல் வழியக் கூடாது. தேவையில்லாத மெல்லிய கம்பிகளை இடது கையின் படுத்த விரல்களால் தொட்டு அமைதியாக்குங்கள். ஃபஸ் போட்டதும் ஒவ்வொரு சிறு உரசலும் பெரிதாகக் கேட்கும் என்பதால் இந்தச் சுத்தம் இப்போதே வந்துவிட வேண்டும்.

இப்போது ஃபஸ்ஸை மிதித்து, பேஸையும் டிரம்ஸையும் சேருங்கள். கிக் ஒன்றாவது அடியில், ஸ்னேர் மூன்றில். முதல் பாரின் நான்காவது அடியில் ஈ ஃபிளாட்டோடு கிக் இன்னொரு முறை. அவ்வளவுதான். நான்கு முறை திரும்ப வாசித்தால் 32 விநாடி. நான்காவது முறையின் கடைசி எஃப்-இல் மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி இரண்டு அடிக்கு மௌனம் விட்டு, மறுபடி சி-யில் சேர்ந்து விழுங்கள். அந்த மௌனத்தில் ஃபஸ்ஸின் இரைச்சல் கேட்கும். கிட்டாரின் வால்யூம் நாபைக் கையால் இறக்கி ஏற்றுவது நாய்ஸ் கேட்டைவிட நன்றாக இருக்கும். கேட் நீண்ட கார்டுகளின் வாலையும் சேர்த்து வெட்டிவிடும்.

ஸ்லீப் குழு 1996-இல் பதிவு செய்த ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒற்றைப் பாட்டு இதே கொள்கையின் எல்லை வரை போகிறது: சில ரிஃப்கள், மிக நீண்ட திரும்ப வாசிப்பு, மாற்றம் வரும்போது அதற்கு மலையளவு எடை. ஒரு ரிஃப்பை எட்டு முறை வாசித்த பிறகு வருகிற ஒரு சிறு மாற்றம், இரண்டு முறைக்குப் பிறகு வருவதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் அடுத்த ரிஃப்புக்கு ஓடாதீர்கள்.

பதிவு செய்து சரிபார்ப்பது

ஃபோனை அறையின் நடுவில் வைத்து மூன்று நிமிடம் பதிவு செய்யுங்கள். ஃபோனின் சிறிய ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதையும் கொடுக்காது. அதில் கேட்டுப் பாருங்கள்: ரிஃப்பின் சுரங்கள் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கிட்டாரில் நடு அதிர்வெண்கள் போதுமான அளவு இருக்கின்றன. வெறும் 'ஷ்ஷ்' என்று கேட்டால் மிட்டை ஏற்றி, சஸ்டெயினைக் குறைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். சுரங்கள் தெரிந்தும் ஒவ்வொரு கார்டின் தொடக்கத்திலும் அபசுரம் கேட்டால் அது கம்பியின் தளர்ச்சி, அல்லது இடது கை அதிகமாக அழுத்துவது, பெடலைத் தொடாதீர்கள்.

அப்புறம் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடி ஒரே உறுமலாக, சுரம் மாறுவதே தெரியாமல் இருந்தால் கிட்டாரின் பேஸ் நாபை இன்னும் இறக்குங்கள். கணினியில் பதிவு செய்தால் கிட்டார் தடத்தில் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்; தனியாகக் கேட்டால் மெலிந்தது போலத் தோன்றும், பேஸோடு சேர்த்துக் கேட்டால் மொத்தமும் பெரிதாகிவிடும். கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடதும் வலதுமாக வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து வைத்தால் அகலம் வராது, இரண்டு வாசிப்புக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான் அதைத் தருகிறது.

கடைசியாக டெம்போ. பதிவின் முதல் இருபது விநாடியிலும் கடைசி இருபது விநாடியிலும் எத்தனை அடி வருகிறது என்று எண்ணுங்கள். முதலில் 20, கடைசியில் 21 என்றால் பெரிய குற்றம் இல்லை. 23 என்றால் பாட்டு ஓடிவிட்டது. கிட்டாரையும் பேஸையும் கீழே வைத்துவிட்டு, டிரம்ஸ் மட்டும் ஒற்றைக் கிளிக்கோடு மூன்று நிமிடம் வாசிக்கட்டும். அதன் பிறகு மற்ற இருவரும் சேரட்டும்.